பேசுமுன் எழுதுவோம்

செயற்குழு கூடியதும் தலைவர் "எல்லோரும் மனம் விட்டு யோசனை சொல்லுங்கள்" என்பார். ஒருவர் பட்டிமன்றம் என்பார், இன்னொருவர் பரிசுப் போட்டி என்பார், மூன்றாமவர் சென்ற வருடம் நடந்ததையே இன்னும் சிறப்பாகச் செய்யலாம் என்பார். காபி வந்துவிடும். யோசனை சேகரிக்கும் நேரத்தில் யாரும் பேசக்கூடாது என்பது என் கட்சி. பேச்சு வேண்டியதுதான், ஆனால் அது இரண்டாவதாக வரவேண்டும்.

கூட்டாக யோசிப்பதை ஒரு முறையாக வகுத்துத் தந்தவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். 1953-இல் அவர் எழுதிய புத்தகம்தான் 'பிரெயின் ஸ்டார்மிங்' என்பதை உலகெங்கும் பரப்பியது. யாரையும் குறை சொல்லாதே, எண்ணிக்கை பெருகட்டும், விபரீதமானதும் வரட்டும், பிறர் சொன்னதன்மேல் கட்டு என்பவை அவர் விதிகள். அவற்றில் பழுதில்லை. குழுவில் சேர்ந்தால் ஒருவருக்குத் தனியாகத் தோன்றுவதைப்போல் இரு மடங்கு யோசனை தோன்றும் என்றும் அவர் எழுதினார். அதை 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடிப் பேசிய குழுவைவிட, தனித்தனியே உட்கார்ந்த நான்கு பேரின் யோசனைகளைச் சேர்த்து, ஒரே மாதிரியானவற்றைக் கழித்தபின்னும் ஏறக்குறைய இரு மடங்கு கிடைத்தது!

காரணம் என்ன? கூச்சம் ஒன்று, பிறர் பார்த்துக்கொள்வார்கள் என்ற சோம்பல் மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் 1987-இல் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இருவர் செய்த சோதனை வேறொன்றைக் காட்டியது. ஆட்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, நம் சிக்னலைப் போல விளக்குகள் வைத்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். முகம் பார்க்கவில்லை, கூச்சத்துக்கு இடமில்லை. ஆனாலும் யோசனைகள் குறைந்துவிட்டன. ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி போகும்வரை மற்றவை லூப்பில் நிற்பது போலத்தான். நிற்கும் நேரத்தில் சொல்ல வந்ததை மறந்துவிடாமல் மனதில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதனால் புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. எங்கள் ரயில்வேயில் இதற்குமேல் இன்னொன்றும் உண்டு. பெரிய அதிகாரி முதலில் வாயைத் திறந்துவிட்டால், பிறகு சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு மாற்றாக 1968-இல் பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் எழுதி யோசிக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், தாளில் மூன்று கட்டம் கொண்ட ஆறு வரிசைகள். ஐந்து நிமிடத்தில் முதல் வரிசையின் மூன்று கட்டத்தையும் நிரப்பிவிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம் தாளைத் தள்ள வேண்டும். அவர் மேலே இருப்பதைப் படித்து, அதை வளர்த்தோ அதிலிருந்து விலகியோ இன்னும் மூன்று எழுதுவார். அரை மணியில் தாள் ஒரு சுற்று வந்துவிடும். மொத்தம் 108 கட்டங்கள்.

எங்கள் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக இதைச் செய்து பார்த்தோம். ஜூனில் நிரம்பி வழியும் வகுப்பு, டிசம்பரில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு நிற்கும். இப்படியே போனால் இன்னும் சில வருடத்தில் பாயைச் சுருட்டிவிட வேண்டியதுதான் என்ற நிலை. தாளின் தலைப்பில் எழுதும் கேள்விக்கே கால் மணி நேரம் செலவழித்தோம். "தமிழை வளர்ப்பது எப்படி?" என்று போட்டால் மேடைப் பேச்சுதான் வரும். "ஜூனில் சேர்ந்த பிள்ளை டிசம்பரிலும் வர என்ன செய்யலாம்?" என்று போட்டோம். தமிழ் பேசத் தெரிந்தும் எழுத வராதவர்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம் என்றோம். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு கல்லூரி மாணவி கூட்டங்களில் வாயே திறக்கமாட்டாள். அன்று அவள்தான் எல்லோருக்கும் முன்பாக எழுதி முடித்தாள்.

முதல் வரிசையைப் பார்த்தால் நான்கு தாள்களில் பரிசு, மூன்றில் சிற்றுண்டி. இதில் ஏமாற்றமடைய வேண்டாம். கைக்கெட்டியது முதலில் வரும், அது தீர்ந்த பிறகுதான் வேறு வரும். ஒரு தாளின் இரண்டாம் வரிசையில் யாரோ, "பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தகப்பனார் வெளியே ஸ்கூட்டர்மேல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவரை உள்ளே கூப்பிடலாம்" என்று எழுதியிருந்தார். அடுத்தவர் அதன் கீழே, "அவரில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவருக்கும் ஒரு பெஞ்ச்" என்றார். நான்காம் வரிசையில், "இருவருக்கும் ஒரே பாடம், அப்பாவின் நோட்டைப் பிள்ளை திருத்தட்டும்" என்று வந்துவிட்டது. வாய்ப்பேச்சில் இது வந்திருக்காது. "தகப்பனாருக்குத் தமிழ் தெரியாதா?" என்று யாராவது கேட்டிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும்.

வெற்றுக் கட்டங்களையும் ஒன்றுபோல் இருந்தவற்றையும் தள்ளியபின் நாற்பது சொச்சம் மிஞ்சின. பாதி குப்பைதான். தேர்வை அன்றே செய்யாமல் அடுத்த வாரம் வைத்தோம். அப்போது தாராளமாகப் பேசினோம், சண்டையும் போட்டோம். அப்பா–பிள்ளை பெஞ்ச் இப்போது நடக்கிறது. நான்கு தகப்பனார்கள் வருகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் இதுவரை நிற்கவில்லை. நான்கு பேரை வைத்துக்கொண்டு இது நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. 1993-இல் ஸ்டீவன் ஸ்மித்தும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை ஒன்றில், வேற்றுக் கிரகத்து உயிரினம் ஒன்றை வரையச் சொன்னார்கள். முன்னதாகக் காட்டிய மாதிரிப் படங்களிலெல்லாம் நான்கு கால், உணர்கொம்பு, வால் இருந்தன. வரைந்தவர்களும் அவற்றையே அதிகம் வரைந்தார்கள். மாதிரியைப் போல வரையாதீர்கள் என்று சொல்லியும் அது நிற்கவில்லை. ஆகையால் தலைவர் "உதாரணமாக..." என்று தொடங்கினால் அன்றைய கூட்டம் போயிற்று. முதல் தாள் வலுவாக இருந்தாலும் மற்றவர் அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். மூன்றாம் வரிசையிலும் அதே சொற்கள் திரும்பினால் நிறுத்திவிட்டுக் கேள்வியைத் தலைகீழாக்க வேண்டும்.

தலைகீழ்க் கேள்வி தனியாக யோசிப்பவருக்கும் உதவும். வண்டியில் ஒரு ஆக்ஸில் பாக்ஸ் சூடாகிறது என்றால், ஏன் என்று கேட்டவுடன் எல்லோரும் "கிரீஸ் போதவில்லை" என்பார்கள். "இதை நானே வேண்டுமென்று சூடாக்க என்னென்ன செய்யலாம்?" என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். தண்ணீர் புகவிடலாம், மண் சேர்க்கலாம், கிரீஸை அளவுக்கு மீறித் திணிக்கலாம். கடைசியாகச் சொன்னது யாருக்கும் எளிதில் தோன்றாது. ஆனால் ரோலர் பேரிங்கில் மிதமிஞ்சிய கிரீஸ் கடைபட்டுக் கடைபட்டே சூடேறிவிடும். வகுப்புக்கும் அப்படியே கேட்டோம்: ஒரு பிள்ளைகூட வராமல் இருக்க என்ன செய்வது? கிரிக்கெட் பயிற்சி நேரத்தில் வகுப்பு வை, ஆறு வயதையும் பதினான்கு வயதையும் ஒன்றாக உட்காரவை, ஒவ்வொரு ஜூனிலும் 'அ'வன்னாவிலிருந்தே தொடங்கு. எழுதி முடித்துப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு கால அட்டவணையை எடுத்தார் ஆசிரியை. மூன்றில் இரண்டு அதில் இருந்தன. நேரத்தை மாற்றிவிட்டோம். வயதைப் பிரிக்க இன்னொரு அறை வேண்டும். அதற்கான தாள்கள் வரும் கூட்டத்தில் சுற்றுக்கு வருகின்றன. உறுப்பினர்கள் ஆளுக்கொரு பேனா கொண்டுவரவும்.