எந்த உதவி முதலில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏழைப் பள்ளிகளுக்கு எதைக் கொடுக்கலாம் என்ற கட்டுரை படித்தேன். பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் சகாக்களும் 1990களில் கென்யாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். இலவசப் பாடநூல்கள் சராசரி மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. அவை ஆங்கிலத்தில் இருந்ததால் முன்னணி மாணவர்களுக்கே பயன்பட்டன. மலிவான குடற்புழு மாத்திரையோ, பள்ளிக்கு வராதிருப்பதைக் கால்வாசி குறைத்தது.

ஒரே தொகைக்கு எத்தனை பள்ளி நாட்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன என்று பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. புழுத்தொற்று குறைந்த ஊரில் அதே மாத்திரை அந்த அளவு பலன் தராது என்பதையும் மறக்கக் கூடாது. நன்கொடை கேட்டு வருவோரிடம் படங்களை வாங்கிப் பார்ப்பதோடு நிற்காமல், உதவி பெறாத பள்ளிகளோடு ஒப்பிட்ட கணக்கையும் வாசகர்கள் கேட்க வேண்டும்.

ஒரு வாசகர், மதுரை