பாதிச் செய்திக்குப் பதில் வேண்டாம்

அம்மாவின் எஸ்எம்எஸ் “உன்னை வரவேண்டாம் என்று” என்பதோடு நின்றுவிட்டதா? கோபிக்காதீர்கள். “ஓகே” என்றும் எழுதாதீர்கள். முழுதும் கிடைத்துவிட்டதாக அவர் நம்பிவிடுவார்.

நோர்வேஜிய மொழியில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழுக்கு 70 தான். அதிலும் “கி” ஒன்றே இரண்டு இடம் பிடிக்கும். நீண்ட செய்தி 67 இடத் துண்டுகளாகத் தனித்தனியே பயணிக்கும். ஒன்று பிந்தலாம், தொலையலாம். சில கைபேசிகள் வந்த துண்டை மட்டும் காட்டிவிடும்.

ஆகவே முதலில் எண்ணுங்கள். 67இலோ 134இலோ நின்றால், மிச்சம் வழியில் இருக்கலாம். வேறெங்காவது நின்றால், அவசரத்தில் அனுப்பியிருப்பார். இரண்டிலும் கேட்க வேண்டியது ஒன்றே: “‘என்று’ வரைதான் வந்தது, மிச்சம் என்ன?”

தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். வராத துண்டில் “சொல்லவில்லை” இருந்தால்?