ஒரு வாக்கியம்தான் கேட்கிறோம்

சாப்பாட்டு வேளையில், “உங்க வீட்ல இதைத்தான் கத்துக் கொடுத்தாங்களா?” என்கிறார் மாமியார். கணவன் தட்டையே பார்க்கிறான். இரவு அறைக்குள் ஆறுதல் சொல்வான். அது யாருக்கு வேண்டும்?

“உங்கம்மாவா, நானா?” என்று கேட்க வேண்டாம். அடுத்தமுறை ஊருக்குக் கிளம்புமுன், கோபம் ஆறியிருக்கும்போது, ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த இடத்திலேயே, “அம்மா, அப்படிப் பேசாதீங்க, எனக்குப் பிடிக்கல” என்று சொல்லிவிட்டு, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் சாப்பிடட்டும். “அவ வருத்தப்படுறா” என்றால் பழி நம் தலையில் விழும். ‘எனக்கு’ என்றால் அது மகன் தாயிடம் பேசும் பேச்சு. மன்னிப்பெல்லாம் வாங்கித் தர வேண்டியதில்லை.

“என்னை ஏன் நடுவுல இழுக்கிற?” என்பான். அவன் அம்மாவிடம் அவன் பேசாமல், நேற்று வந்தவளா பேசுவது?