முத்து உள்ளே அமுங்காது

மாசி பிறந்தால் போதும், அந்தக் குரல் பதிவு கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. “அம்மைக்கு மருந்து கொடுத்தால் முத்து உள்ளே அமுங்கிவிடும். மருந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். தானாக வந்தது தானாகப் போகும்.” இதை நம்பி முதல் நாளைக் கோட்டைவிடும் வீடுகளைப் பார்த்துப் பார்த்து ஆற்றாமல்தான் எழுதுகிறேன்.

தானாகப் போகும் என்பது சரி. நலமாக இருக்கும், பன்னிரண்டு வயது தாண்டாத குழந்தைக்குப் பெரும்பாலும் அசைக்ளோவிர் தேவையில்லை. எல்லாக் குழந்தையும் அப்படியா?

அமுங்கும் என்பதுதான் ஆபத்தான பேச்சு. அசைக்ளோவிர் முத்தை அமுக்குவதில்லை. கிருமி புகுந்த செல்லுக்குள் அந்தக் கிருமியின் நொதியே மருந்தைத் தூண்டிவிடுகிறது. அதன்பின் கிருமி தன்னைப் படியெடுக்க முடியாமல் நிற்கிறது. கிருமி பெருகாததால்தான் முத்து குறைகிறது. உண்மையில் உள்ளே இறங்குவது, தடுக்கப்படாத கிருமி. நெஃப்ரோடிக் நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை தின்னும் குழந்தைக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கும் அது நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவி உயிரைப் பறிக்கும். இவர்களுக்கு வாய்மருந்து போதாது. அன்றே மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக ஏற்ற வேண்டும்.

பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள், நாள்பட்ட தோல், நுரையீரல் நோய் உள்ளவர்கள், வீட்டில் இரண்டாவதாகப் படுக்கும் குழந்தை ஆகியோருக்கு வாய்வழி மருந்தை மருத்துவர் யோசிப்பார். அக்காளுக்கு வந்து இரண்டு வாரத்தில் தம்பிக்கு வருகிறது. ஒரே வீட்டில் நெருங்கிப் பழகியதால் அவனுக்குப் பொதுவாகக் கடுமையாகவே வரும். தம்பிக்கு எட்டு வயது, எடை 22 கிலோ என்று வையுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 440 மில்லிகிராம். 5 மில்லியில் 400 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் ஐந்தரை மில்லி. நாளுக்கு நான்கு வேளை, ஐந்து நாள். எவ்வளவு எடையானாலும் ஒரு வேளைக்கு 800 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாதி அடர்த்தியுள்ள சிரப்பும் கடையில் உண்டு என்பதால் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தே அளக்க வேண்டும். முதல் முத்து தெரிந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். அப்போதும் காய்ச்சல் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக விடும், முத்து குறையும், அவ்வளவுதான்.

சிறுநீரகப் பயத்துக்குத் தண்ணீரே பதில். இந்த மருந்து சிறுநீரில் வெளியேறுகிறது; உடலில் நீர் வற்றினால் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகத் தங்கும். நரம்பில் வேகமாக ஏற்றும்போதுதான் இது அதிகம். தம்பிக்கு நாளெல்லாமாக ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும், காய்ச்சல் அடித்தால் இன்னும் கூடுதலாக. வாய்ப்புண் எரிவதால் குடிக்க மறுப்பான். ஆறிய கஞ்சி, மோர், இளநீர் என்று அரை டம்ளர் அரை டம்ளராக ஊட்டுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது மஞ்சளாகச் சொட்டுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ள குழந்தைக்கு மருந்தின் அளவையும் தண்ணீரின் அளவையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், பாராசிட்டமால் போதும். மூச்சு வாங்கினாலோ, தூங்கி வழிந்தாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ வேப்பிலையை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.