முதலில் யாரிடம் சொல்வது?

மனைவியை இழந்த அலுவலக நண்பர் ஒருவர், எங்கள் இருவருக்கும் வேண்டிய இன்னொரு நண்பரின் விவாகரத்தான மனைவி மீது தனக்குப் பிரியம் என்று ஒருநாள் தயங்கியபடி சொன்னார். "தப்பா சார்?" என்று கேட்டார்.

தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக்கான 90 நாட்களும் முடிந்து, யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் இந்து திருமணச் சட்டமே மறுமணத்தை அனுமதிக்கிறது.

அந்த அம்மாவுக்கும் சம்மதம்தான். ஆனால் நண்பரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, ஆறு மாதம் தள்ளிப்போட்டார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது எப்போதிலிருந்து?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் எடுபடவில்லை. விவாகரத்துக்குக் காரணமே இதுதான் என்று ஊர் பேசியது. பழி முழுவதும் அந்த அம்மா தலையில் விழுந்தது. அவருடைய மகனே சில காலம் வீட்டுக்கு வரவில்லை.

என் கருத்து இதுதான். முதலில் அந்தப் பெண்ணின் மனதைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால், அந்த வாரமே நண்பரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். அவர் கோபப்படலாம், நட்பே கூடப் போகலாம். ஆனால் பழைய நாட்களைச் சந்தேகிக்க அவருக்குக் காரணம் இருக்காது.