வேலை கூடினால் விலையும் கூடுமா?

வேலைவாய்ப்புக் கணக்கு வெளிவரும் நாளில் செய்தி கேட்டால் ஒரு விநோதம் கண்ணில் படும். "போன மாதம் நிறையப் பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது" என்று சொன்ன அதே மூச்சில், "அதனால் வட்டி விகிதம் உயரலாம்" என்பார்கள். நல்ல செய்திதானே, அதுக்கு ஏன் நம்ம வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறணும்? உயர்நிலைப் பள்ளியில் எகனாமிக்ஸ் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் உடனே பதில் வரும்: "பிலிப்ஸ் கர்வ்!" பாடப்புத்தகத்தில் அது இடமிருந்து வலமாக இறங்கும் ஒரு வளைந்த கோடு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டை நம்பி அரசுகள் கொள்கை வகுத்ததும், பிறகு அது கையைச் சுட்டதும் தெரிந்தால்தான் விஷயம் முழுசாகப் புரியும்.

பில் பிலிப்ஸ் நியூசிலாந்துக்காரர். முதலில் மின்பொறியாளர், பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியர். 1958-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரிட்டனில் 1861 முதல் 1957 வரை ஒவ்வொரு ஆண்டும் எத்தனை சதவீதம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள், அந்த ஆண்டு கூலி எத்தனை சதவீதம் உயர்ந்தது என்று இரண்டையும் சேர்த்துப் புள்ளி வைத்தார். 1913 வரையிலான புள்ளிகளை வைத்து ஒரு கோடு வரைந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய புள்ளிகளும் கிட்டத்தட்ட அதே கோட்டை ஒட்டியே விழுந்தன. வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியது. கூடிய ஆண்டுகளில் மெதுவாக ஏறியது, சில சமயம் இறங்கவும் செய்தது.

இதற்குக் காரணம் ஒண்ணும் பெரிய ரகசியமில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வேலை தேடுவோர் நிறையப் பேர் இருந்தால், சம்பளம் கூட்டிக் கேட்கும் சமையல்காரரிடம் முதலாளி, "முடியலைன்னா போகலாம், வாசல்ல நாலு பேர் நிக்கிறாங்க" என்பார். ஆளே கிடைக்காத காலத்தில் கதை மாறிவிடும். பக்கத்துக் கடைக்காரர் இழுத்துக்கொண்டு போய்விடுவாரே என்று இவரே முந்திக்கொண்டு கூட்டிக் கொடுப்பார். கோடு வளைந்திருப்பதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. ஆள் தட்டுப்பாடு வந்தால் கூலி விறுவிறுவென ஏறும். ஆள் மிகுந்தாலோ அவ்வளவு வேகமாக இறங்காது, ஏனென்றால் நடப்புக் கூலிக்குக் கீழே யாரும் லேசில் சம்மதிக்க மாட்டார்கள்.

இதுவரை பேசியது கூலி. விலை எங்கே வந்தது? ஒரு தொழிலாளி ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதலாக உற்பத்தி செய்தால், கூலியும் 2 சதவீதம் கூடினால், முதலாளிக்கு ஒரு பொருளுக்கு ஆகும் செலவு மாறாது. கூலி 6 சதவீதம் கூடினால் மிச்சம் 4 சதவீதம் விலையில் ஏறும். இப்படிக் கணக்குப் போட்டு, பிரிட்டனில் வேலையின்மை ஏறத்தாழ இரண்டரை சதவீதத்தில் இருந்தால் விலை நிலையாக இருக்கும் என்றார் பிலிப்ஸ்.

1960-இல் பால் சாமுவேல்சன், ராபர்ட் சோலோ என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். கூலிக்குப் பதிலாக விலையேற்றத்தையே கோட்டில் வைத்தார்கள். அப்போது அது ஓட்டல் மெனு கார்டு மாதிரி ஆகிவிட்டது. விலை ஏறவே கூடாதென்றால் வேலையின்மை 5 முதல் 6 சதவீதம். வேலையின்மை 3 சதவீதத்துக்கு இறங்கணும்னா விலை ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் ஏறும். எது வேணும்னு அரசு தேர்ந்தெடுக்கலாம். நாள்பட்டால் இந்தக் கோடே நகரக்கூடும் என்று அவர்களும் எச்சரித்திருந்தார்கள். அந்த வரி பலர் காதில் விழவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் சொன்னபடியே நடந்தது. 1961-இல் அமெரிக்காவில் வேலையின்மை 6.7 சதவீதம், விலையேற்றம் சுமார் 1 சதவீதம். 1969-இல் வேலையின்மை 3.5-க்கு இறங்கியது, விலையேற்றம் 5-ஐத் தாண்டியது. நடுவிலுள்ள ஆண்டுகளும் ஏறக்குறைய கோட்டிலேயே நின்றன.

ஆனால் அதற்குள்ளேயே மில்டன் ஃபிரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: தொழிலாளி ஏமாந்துகொண்டே இருப்பாரா?

கணக்கு எளிதாக இருக்க, உற்பத்தி கூடுவதை ஒதுக்கி வைப்போம். விலை வழக்கமாக ஆண்டுக்கு 1 சதவீதம் ஏறும் ஊர். அரசு செலவைக் கூட்டுகிறது, வியாபாரம் சூடு பிடிக்கிறது, நம்ம சாப்பாட்டுக் கடைக்காரர் 5 சதவீதம் கூட்டித் தருகிறேன் என்கிறார். "விலை 1 ஏறினாலும் எனக்கு 4 லாபம்" என்று சமையல்காரர் மகிழ்கிறார். சும்மா இருந்தவர்களும் வேலைக்கு வருகிறார்கள். வேலையின்மை குறைகிறது. ஆனால் எல்லாக் கடையிலும் இதேதான் நடக்கிறது, எல்லா விலையும் 5 சதவீதம் ஏறுகிறது. ஆண்டு முடிவில் பார்த்தால் சம்பளக் கவர் தடித்திருக்கிறது, மளிகைப் பை மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் என்ன கேட்பார்? "விலை 5 ஏறும். அதுக்கே 5 வேணும். அதுக்கு மேல என்ன தர்றீங்க?" பழையபடி அவருக்கு 4 லாபம் தெரிய வேண்டுமென்றால் இப்போது 9 தர வேண்டும், விலையும் 9 ஏறும். தராவிட்டால் வேலையின்மை பழைய இடத்துக்கே திரும்பும். விலையேற்றம் மட்டும் 5-இல் தங்கிவிடும்.

அதாவது மெனு கார்டில் ஒரு பண்டத்தைத் தேர்ந்தெடுத்ததுமே கார்டிலுள்ள விலையெல்லாம் மாறிவிடுகிறது. மக்கள் எவ்வளவு விலையேற்றத்தை எதிர்பார்க்கிறார்களோ அதைப் பொறுத்துக் கோடே மேலேயும் கீழேயும் நகர்கிறது.

1970-களில் இது கண்ணெதிரே நடந்தது. 1973-இல் எண்ணெய் விலை எகிறியதும் சேர்ந்துகொண்டது. 1975-இல் அமெரிக்காவில் வேலையின்மை 8.5 சதவீதம், விலையேற்றம் சுமார் 9 சதவீதம். பழைய கோட்டின்படி இரண்டும் சேர்ந்து இவ்வளவு உயரத்தில் இருக்கவே முடியாது. 1979-இல் மத்திய வங்கித் தலைவரான பால் வோல்கர் வட்டியைக் கடுமையாக உயர்த்தினார். விலையேற்றம் அடங்கியது. ஆனால் 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதமாகியிருந்தது. மக்கள் மனதில் பதிந்துபோன எதிர்பார்ப்பை இறக்க, வேலை போன குடும்பங்கள் கொடுத்த விலை அது.

அப்போ கோடு பொய்யா? இல்லை. குறுகிய காலத்துக்கு அது இன்னும் வேலை செய்யும், எதிர்பார்ப்பு அசையாமல் இருக்கும் வரை. 2019 கடைசியிலும் அமெரிக்காவில் வேலையின்மை ஏறத்தாழ 3.5 சதவீதம்தான், 1969 மாதிரியே. ஆனால் அந்த ஆண்டு விலையேற்றம் சுமார் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. விலை பெரிதாக ஏறாது என்று கடைக்காரரும் சமையல்காரரும் நம்பியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே அடுத்த முறை வேலைவாய்ப்புச் செய்தி வரும்போது வேலையின்மை எண்ணோடு நிறுத்திவிடாதீங்க. அதே அறிக்கையில் சராசரிச் சம்பளம் எவ்வளவு ஏறியது என்றும் இருக்கும். சம்பளம் வேகமாக ஏறுகிறதா, அடுத்த ஆண்டு விலை இன்னும் ஏறும் என்று ஆட்கள் பேச ஆரம்பித்துவிட்டார்களா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால்தான் மத்திய வங்கிக்குத் தூக்கம் போகும். உங்க வீட்டுக் கடன் வட்டியும் அப்போதுதான் அசையும்.