1765 அட்டையின் பின்பக்கம்



அண்ணன் பேத்தி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் வந்தபோது, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்த ஒரு கட்டு அட்டைகளைக் காட்டினாள். முன்பக்கம் ஆண்டு, பின்பக்கம் நிகழ்ச்சி. 1757 பிளாசிப் போர், 1764 பக்சார் போர், 1765 அலகாபாத் உடன்படிக்கை. எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் வந்தது. "பக்சார் முடிந்த மறு வருஷமே உடன்படிக்கை ஏம்மா வந்தது?" என்றேன். "அது அட்டையில இல்லையே தாத்தா" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உங்களுக்கும் நான் ஆண்டுகளை அப்படித்தான் உருப்போட வைத்தேன். கூற்று, காரணம் என்று கேள்வி வந்தால் அந்தப் படிப்பு கைகொடுக்காது.

இருவரும் 1765-ஐ எடுத்துக்கொண்டோம். இது ஏன் முக்கியம் என்ற இடத்தில் அவள் முதலில் எழுதியது: "ஆங்கிலேயர் ஆட்சிக்கு அடித்தளம்." அதையே 1757 அட்டையின் பின்னால் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பொருந்தியது. 1764-க்கும் பொருந்தியது. அப்படியானால் அது எந்த அட்டைக்கும் உரிய காரணம் இல்லை, அடித்துவிடு என்றேன். இதற்கு முன் யார் கையில் என்ன இருந்தது, பின் யார் கைக்குப் போனது என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

பிளாசிக்கு முன் வங்காள நவாபின் தயவில் வியாபாரம் செய்த கம்பெனி, அதன்பின் நவாபாக யார் உட்காருவது என்பதையே முடிவு செய்தது. பக்சாரில் மீர் காசிம், அயோத்தி நவாப், முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் ஆகிய மூவரும் சேர்ந்து தோற்றார்கள். தோற்ற பேரரசரிடமிருந்துதான் மறு ஆண்டு வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி உரிமை, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, எழுதி வாங்கப்பட்டது. அதுவரை இங்கே சரக்கு வாங்க கம்பெனி கப்பலில் வெள்ளி கொண்டுவர வேண்டியிருந்தது. இனி வங்காளத்து உழவன் கட்டிய வரியிலேயே வங்காளத்துத் துணியை வாங்கலாம். 1765 அட்டைக்கு அந்தக் கடைசி விஷயம் ஒன்றே போதும்.

இன்னொரு சிக்கலும் வந்தது. காரணத்தை நிகழ்ச்சிக்குக் கீழே எழுதினால், ஆண்டுக்கான பதில் சரி என்றதும் அட்டையைப் புரட்டிவிடுகிறாள். கண் கீழே போவதே இல்லை. அதனால் காரணத்துக்குத் தனி அட்டை போட்டோம். முன்பக்கம்: "1765-க்குப் பிறகு கம்பெனிக்குச் சரக்கு வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?" எல்லா ஆண்டுக்கும் இப்படிச் செய்தால் கட்டு இரட்டிப்பாகிவிடும். எனவே ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் செய்கிறோம். அதையும் பென்சிலில்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆண்டு மாறாது, காரணம் மேலும் படிக்கப் படிக்கத் திருந்தும்.

நேற்று ராத்திரி 1773 ஒழுங்குமுறைச் சட்டத்துக்காகப் போன் செய்தாள். மூன்று மாகாண வரியும் கையில் இருந்த கம்பெனி, எட்டு வருஷத்துக்குள் இங்கிலாந்து அரசிடம் கடன் கேட்டு நின்றது எப்படி தாத்தா என்கிறாள். அந்த அட்டையை இன்னும் எழுதி முடிக்கவில்லை.